மேல் பாதி கறுப்பு, கீழ் பாதி வெள்ளை

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே, பேக்கரிக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருந்த ஸ்டூடியோவில் நான் ஆறு வருடம் வேலை செய்தேன். சேர்ந்தபோது எனக்கு இருபத்தொரு வயது. கையில் மூன்று மாதக் கொம்பியூட்டர் கோர்ஸ் முடித்த சான்றிதழும், அதைவிட மூன்று மடங்கு திமிரும் இருந்தன. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். படச்சுருள் கழுவுகிற இருட்டறையில் துடைப்பத்தையும் குடைகளையும் போட்டு வைத்திருந்தோம். எல்லாம் கொம்பியூட்டருக்கு வந்துவிட்டது. ஆனால் பிரின்ட் போடுகிற பெரிய மெஷின் எங்களிடம் இல்லை. படங்களைச் சீடியில் எழுதி, கண்டி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுவோம். கண்டியில் லேப்காரர் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கொள்வார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ அதே கண்டக்டர் கையில் பெரிய கவரில் படங்கள் திரும்பி வரும். அந்தக் கண்டக்டர் எத்தனை கல்யாணங்களை இருக்கைக்கு அடியில் போட்டுக் கொண்டு போயிருப்பார் என்று அவருக்கே தெரியாது.

என் முதலாளிக்கு ஒரு பழக்கம் இருந்தது. எவர் படமாக இருந்தாலும் ஆளை வெட்டி எடுத்ததும் பின்னால் எதையாவது போட்டுவிடுவார். பாஸ்போட்டுக்கு வெள்ளை, வேலைக்குப் போகிறவர்களுக்கு நீலம், காதலர்களுக்கு நீர்வீழ்ச்சி, குழந்தைகளுக்கு ரோஜாத் தோட்டம், செத்தவர்களுக்குக் கறுப்பு. அஞ்சலிப் படம் என்றால் கறுப்புத்தான், அதில் மாற்றமே இல்லை. சும்மா விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. “மொட்டையா ஒரு ஆள கடைய விட்டு வெளிய அனுப்பாத” என்பார். எனக்கு அந்த நீர்வீழ்ச்சிகளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ரசனை கெட்ட மனிதர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்க நுவரெலியா பக்கம் போயிருந்தார். கடையில் நான் மட்டும். செவ்வாய்க்கிழமை காலையில், தேயிலை பெக்டரியில் வேலை செய்கிற ஒரு அண்ணன் வந்தார். வட்டவளைப் பக்கத்துத் தோட்டம். சட்டையில் தேயிலைத் தூசு வாசம். கையில் ஒரு சின்னப் படம், மடங்கிவிடாமல் இரண்டு காட்போட்டுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

“தங்கச்சி, இது எங்க வீட்டுக்காரி. குவைத்துல இருக்கு, மூணு வருசம் ஆச்சு. வார ஞாயித்துக்கிழம மகளுக்குச் சடங்கு வச்சிருக்கோம்.”

“சரிங்கண்ணே. சடங்குப் படத்தில அவங்களச் சேர்த்துப் போடணுமா? செஞ்சு குடுத்திருவேன். பக்கத்தில நிக்கிற மாதிரியே இருக்கும்.”

இது எங்களுக்குத் தினப்படி வேலை. மலைநாட்டில் அப்போது எந்தத் தோட்டத்து லயத்தை எடுத்தாலும், அந்த வரிசை வீடுகளில் மூன்றுக்கு ஒரு அம்மா அரபு நாட்டில் இருந்தார். குடும்பப் படங்களில் அவர்களை நிற்கவைப்பதே எங்கள் பிழைப்பில் பாதி.

அவர் தலையை ஆட்டினார். “அதத்தான் நானும் மககிட்ட சொன்னேன். அது ஒத்துக்க மாட்டேங்குது. பொறகு ஒட்டுறது எதுக்கு, நான் கதிரையில உக்காரும்போது அம்மா இருக்கணும், இல்லாட்டி உக்கார மாட்டேன்னுட்டு ஒரே அழுக. அத்தமாரு, மாமன், எல்லாரும் சொல்லிப் பாத்தாச்சு. ஆள் அடங்கல.”

“அதுக்கு நான் என்னண்ணே செய்ய?”

“ஆள் உயரத்துக்குப் படம் அடிச்சு, வெட்டி, பலகையில ஒட்டிப் பக்கத்தில வச்சிட்டா என்னன்னு யோசிச்சேன். எலெக்சன் டைம்ல வைக்கிறாங்கள்ல, அந்த மாதிரி.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டார். “அம்மா வருவாங்கன்னு மககிட்ட சொல்லிப்புட்டேன்.”

அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அதைக் காட்டிக்கொள்வது என் வழக்கமில்லை. “ஆள் உயரமெல்லாம் முடியாது, லேப்ல பெருசே பன்னிரண்டுக்குப் பதினெட்டு இஞ்சிதான்” என்று வெடுக்கென்று சொன்னேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்து, இரண்டு தாளை அகலவாக்கில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் இருபத்துநாலு இஞ்சி உயரம் வரும், தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் கிட்டத்தட்ட நிஜ அளவே வரும் என்றேன். இடுப்புக்குக் கீழே ஒரு முக்காலியை வைத்துச் சேலையால் சுற்றிவிடலாம். பலகைக்கு அவரே வழி சொன்னார். பெக்டரியில் பழைய தேயிலைப் பெட்டிகளின் பலகை கிடக்கிறதாம். மெல்லிய பலகை, அளவும் கிட்டத்தட்ட அதுவே.

படத்தை ஸ்கேன் பண்ணித் திரையில் பெரிதாக்கினேன். நீல நிற வேலைக்கார கவுன் போட்ட ஒரு பெண், சமையலறையில், ஒரு பெரிய ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றார். நெற்றியில் பொட்டில்லை. முகத்தில் நல்ல சிரிப்பு. இடுப்பில் ஊன்றிய கைக்கும் உடம்புக்கும் நடுவில் இருந்த முக்கோண இடைவெளியில் ஒரு சின்னக் குழந்தையின் ஒரு கண்ணும் பாதிக் கன்னமும் எட்டிப் பார்த்தன. அந்த வீட்டுக் குழந்தை. அவர் பின்னால் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்திருக்கிறது.

“அந்தப் புள்ளைய எடுத்திருங்க” என்றார் அண்ணன். “மக பாக்க வேணாம்.”

“ஃபிரிட்ஜ், புள்ள, எல்லாம் போயிரும். கவலப்படாதீங்க.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் என் கெட்டித்தனத்தை எல்லாம் காட்டினேன். காதோரம், பின்னலோரம், தோளோரம் என்று அங்குலம் அங்குலமாக வெட்டினேன். ஓரம் கத்தியால் அரிந்த மாதிரி இருக்கக்கூடாது என்று அதைக் கொஞ்சம் மென்மையாக்கினேன். அதாவது ஓரத்துப் புள்ளிகள் பாதி அவராகவும் பாதி ஒன்றுமில்லாமலும் இருக்கும். ஃபிரிட்ஜ் போனது. சுவர் போனது. குழந்தையின் கண்ணும் போனது. அந்த இடமெல்லாம் திரையில் சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் வந்தன.

“என்ன தங்கச்சி இது, இடுப்புல கட்டுற சாரத்துல இருக்கிற மாதிரி கட்டம் கட்டமா வருது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது சாரம் இல்லண்ணே. அங்க ஒன்னுமில்லைன்னு கொம்பியூட்டர் நமக்குச் சொல்ற அடையாளம். படத்தில வராது.”

அவர் அந்தக் கட்டங்களை விரலால் தொட்டுக் காட்டினார். “அப்ப அங்க என்ன வரும்?”

“ஒன்னும் வராது.”

“ஒன்னுமில்லாதது பேப்பர்ல எப்படித் தங்கச்சி வரும்?”

எனக்குத் தெரியாது என்பதே எனக்குத் தெரியவில்லை. கோர்ஸில் இதே மாதிரி ஒரு பூவை வெட்டி, புல்வெளிமேல் வைத்தால் பின்னால் புல் தெரியும், கடல்மேல் வைத்தால் கடல் தெரியும் என்று விளையாடியிருக்கிறோம். எல்லாம் திரையோடு சரி. தாளில் போட்டுப் பார்த்ததே இல்லை. “அதெல்லாம் லேப்காரங்களுக்குத் தெரியும். நீங்க தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க” என்று அவரை அனுப்பிவைத்தேன்.

வழக்கம்போல நீலத்தையாவது வெள்ளையையாவது பின்னால் போட்டிருக்கலாம். போடவில்லை. முதலாளி இல்லாத கடையில் முதலாளியின் நீலம் எதற்கு என்ற வீம்பு. எப்படியும் வெட்டத்தானே போகிறோம் என்ற சோம்பல் வேறு. படத்தை இரண்டாகப் பிரித்தேன். தலையும் மார்பும் ஒரு ஃபைல், கையும் இடுப்பும் இன்னொரு ஃபைல். முதல் ஃபைலை, பின்னால் இருக்கும் ‘ஒன்றுமில்லை’யும் அப்படியே பத்திரமாக இருக்கட்டும் என்று, கோர்ஸில் படித்தபடி பிஎன்ஜியாகச் சேமித்தேன். அந்த வகை அதைத் தாங்கிக்கொள்ளும். இரண்டாவதைச் சேமிக்கும்போது கண்டி பஸ் கீழே ஹோர்ன் அடித்துவிட்டது. அவசரத்தில் கை தன் பழக்கத்துக்கு ஜேபெக்கை அமுக்கிவிட்டது. ஜேபெக்குக்கு ‘ஒன்றுமில்லை’ என்றால் என்னவென்றே தெரியாது. வெறுமையான இடத்தில் நிறத்தைக் கொட்டித்தான் சேமிக்கும். எங்கள் கொம்பியூட்டரில் அது வெள்ளை. நான் அதைக் கவனிக்கவில்லை. சீடியை எழுதி, படி இறங்கி ஓடி, கண்டக்டர் கையில் திணித்துவிட்டு மேலே வந்து பெருமையோடு மூச்சு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் படம் வரவில்லை. லேப் மெஷினில் ஏதோ கோளாறு, சனிக்கிழமை வரும் என்று கண்டக்டர் சேதி கொண்டுவந்தார். அண்ணன் சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கே பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். முகம் சரியில்லை.

“என்னண்ணே?”

“வெள்ளிக்கெழமைல அது அங்கருந்து எங்க தோட்டத்துக் கடைப் போனுக்குக் கோல் எடுக்கும். போன வெள்ளிக்கெழமையும் எடுக்கல, நேத்தும் எடுக்கல. சடங்குன்னு தெரியும், எடுக்காம இருக்காது.”

“வேலையா இருந்திருப்பாங்க” என்றேன். எனக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

மூன்று மணிக்குக் கவர் வந்தது. நான்தான் பிரித்தேன். அவர் பார்க்கட்டும் என்று ஆசையாக மேசையில் மேல் பாதியை எடுத்துப் போட்டேன்.

கன்னங்கரேலென்ற கறுப்பு. அதன் நடுவில் சிரித்த முகம்.

எங்கள் கடைச் சுவரில் மாதிரிக்கு மாட்டியிருந்த அஞ்சலிப் படங்கள் அப்படியேதான் இருக்கும். தேதியும் ‘கண்ணீர் அஞ்சலி’யும்தான் இதில் குறைச்சல். அண்ணன் எழுந்தார், பிறகு உட்கார்ந்தார். படத்தைத் தொடவில்லை. சுவரைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.

“தங்கச்சி” என்றார். “யாராவது ஒங்களுக்குச் சேதி சொன்னாங்களா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது படத்தைக் கவிழ்த்துப் போட்டேன். இரண்டு வெள்ளிக்கிழமை போன் வராத மனிதருக்கு முன்னால் அவர் மனைவியைக் கறுப்பில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அவர் என்னிடம் மரணச் செய்தி கேட்கிறார்.

“இல்லண்ணே, ஐயோ இல்லண்ணே! இது லேப்காரன் செஞ்ச வேல. அவங்களுக்கு ஒன்னும் ஆகல. இருங்க, இப்பவே கேக்கிறேன்.”

லேப்புக்குப் போன் போட்டேன். லேப்காரர் சிங்களவர், வயதானவர், என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்று கூப்பிடுவார். எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் வாரி இறைத்துக் கத்தினேன். உயிரோடு இருக்கிற மனுஷிக்கு யார் கறுப்புப் போடச் சொன்னது என்று கேட்டேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டு, தேநீர் உறிஞ்சுகிற சத்தத்தோடு, நிதானமாகச் சொன்னார்.

“நங்கி, நான் ஒன்றும் போடவில்லை. நீ பின்னால் ஒன்றும் இல்லாமல் அனுப்பினாய். என் மெஷின் அந்த ஃபைலை எடுக்காது. இன்னொரு மென்பொருளில் போட்டு ஜேபெக்காக மாற்றினேன். ஒன்றுமில்லாத இடத்தில் அது கறுப்பை ஊற்றிவிட்டது. சிலது வெள்ளை ஊற்றும், சிலது கறுப்பு ஊற்றும். தாளில் ஒன்றுமில்லாமல் ஒரு இடத்தை விட முடியாது, ஏதாவது ஒன்று வந்தே ஆகவேண்டும். என்ன வரவேண்டும் என்று நீதான் சொல்லி அனுப்பவேண்டும். நீ சொல்லவில்லை. மற்றப் படத்தைப் பார், அது நீ ஜேபெக்காக அனுப்பியது, வெள்ளையாக இருக்கும்.”

எடுத்துப் பார்த்தேன். கீழ் பாதி பளிச்சென்ற வெள்ளை. நீலக் கவுன், இடுப்பில் ஊன்றிய கை, அதன் நடுவில் வெள்ளை முக்கோணம். ஒரே பெண்ணுக்கு மேலே ராத்திரி, கீழே பகல். அண்ணன் செவ்வாய்க்கிழமை கேட்ட கேள்வியை லேப்காரர் சனிக்கிழமை பதிலாகச் சொல்லிவிட்டார். இடையில் மெத்தப் படித்த நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

“மறுபடி ஒன்னு அடிச்சு அனுப்புவீங்களா?” என்று பூனை மாதிரிக் கேட்டேன். இன்றைக்கு வேலை முடிந்தது, நாளைக்கு லேப் மூடல், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். சடங்கு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு.

போனை வைத்துவிட்டு அண்ணனிடம் முழுவதையும் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நெஞ்சில் கை வைத்து நீளமாக மூச்சு விட்டார்.

“மெஷின் செஞ்சதுன்னா சரி தங்கச்சி” என்றார். “ஆள் நல்லா இருந்தாச் சரி. கத்திரி எங்க இருக்கு?”

இரண்டு பேரும் கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினோம். வெட்ட ஆரம்பித்தபோதுதான் இன்னொன்று விளங்கியது. நான் மென்மையாக்கிய ஓரங்களில் பாதிப் புள்ளிகள் ‘ஒன்றுமில்லை’ ஆக இருந்தன அல்லவா, அவையெல்லாம் கிடைத்த நிறத்தைக் குடித்திருந்தன. மேலே தோளோரமும் கன்னத்தோரமும் புகை படிந்த மாதிரிக் கறுத்திருந்தன. கீழே கவுனைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்ட மாதிரி வெளுத்திருந்தது. கோட்டுக்கு ஒரு நூல் உள்ளே வெட்டினால்தான் தப்பலாம். அப்படி வெட்டியதில் அந்த அக்கா கொஞ்சம் மெலிந்துவிட்டார். தலைமுடியில் மட்டும் அதிர்ஷ்டம். கறுப்பு முடியும் கறுப்புப் பின்னணியும் ஒன்றோடொன்று கலந்துபோய், எங்கே வெட்டினாலும் முடியாகவே இருந்தது. “மூணு வருசத்தில முடி அடர்த்தியா வளந்திருச்சு போல” என்றார் அண்ணன். அன்றைக்கு அவர் முதல்தடவையாகச் சிரித்தார்.

இரண்டு பாதியையும் மார்புக்குக் கீழே பொருத்தி, பலகையில் பசை தடவி ஒட்டினோம். இணைப்பு கொஞ்சம் தெரிந்தது. பெரிதாக்கியதில் முகமும் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் நாலடி தள்ளி நின்று பார்த்தால் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்றார். வெளியோரத்தை அவர் கொண்டுவந்த, மரம் அறுக்கிற சின்ன வாளால் அறுத்தார். பிறகு அந்த முக்கோணத்தில் வாளின் நுனியை வைத்தார்.

“அத விடுங்கண்ணே. வெள்ளையா இருக்கட்டும். பலகை உடைஞ்சா எல்லாம் போச்சு.”

“இல்ல தங்கச்சி. கைக்கும் இடுப்புக்கும் நடுவுல வெள்ளையா அடைச்சிருந்தா அவ பலகதான். அந்தப் பக்கம் தெரிஞ்சாத்தான் ஆள் நிக்கிற மாதிரி இருக்கும்.”

ஆணியால் ஒரு துளை போட்டு, வாளிலிருந்து அலகைக் கழற்றித் துளைக்குள் நுழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தார். முக்கோணத் துண்டு தரையில் விழுந்தது. அதன் வழியே என் மேசையும் மேசைமேல் இருந்த தேநீர்க் கோப்பையும் தெரிந்தன. கோர்ஸில் மூன்று மாதம் நான் திரையில் பார்த்த அந்தக் கட்டங்களின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. தாளில் அதைச் செய்ய மெஷினால் முடியாது. வாளால் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி திரும்பவில்லை. கமராவைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். லயத்து வாசலில் பந்தல், வாழை மரம், கூட்டம். பலகை அம்மா முக்காலியில் ஏறி, இடுப்புக்குக் கீழே சிவப்புச் சேலை சுற்றிக்கொண்டு, கதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அத்தைமார்கள் ஏற்கெனவே தங்கள் கைவரிசையைக் காட்டியிருந்தார்கள். ஒருத்தி நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தாள். ஒருத்தி தலையில் பூ வைத்திருந்தாள். மூன்றாவது அத்தை அங்கே இருந்த பூ மாலையை எடுத்துக் கழுத்தில் போட, அண்ணன் பாய்ந்து வந்தார்.

“அடியே, மாலைய கழட்டு! படத்துக்கு மால போடுவியா? நேத்துத்தான் ஒருதடவ அவள சாகடிச்சு எடுத்தோம்!”

கூட்டமே சிரித்தது. அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டு மாலையைக் கழற்றினாள். எனக்கு மட்டும் முழுசாகச் சிரிப்பு வரவில்லை.

பெண்ணைக் கூட்டிவந்தார்கள். பதின்மூன்று வயது, ஒல்லி, மஞ்சள் பூசிய முகம், முறைப்பான கண். என்னை மாதிரியே கோபக்காரி என்று பார்த்ததும் தெரிந்தது. கதிரைக்கு முன்னால் வந்து நின்றாள். பலகையை மேலும் கீழும் பார்த்தாள். கன்னத்துப் புகையைப் பார்ப்பாளா, இணைப்பைப் பார்ப்பாளா, இது என் அம்மா இல்லை என்று அழுவாளா?

“இந்தப் பக்கமில்ல” என்றாள் அவள். “மத்தப் பக்கம் வைங்க.”

மாமன்காரர் முக்காலியைத் தூக்கிக் கதிரைக்கு மறுபக்கம் வைத்தார். இப்போது இடுப்பில் ஊன்றிய கை கதிரையை ஒட்டி வந்தது. பெண் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல், தன் கையை அந்த முக்கோணத்துக்குள் நுழைத்து, அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டாள். முழங்கை வரைக்கும் போனது. பலகையின் அந்தப் பக்கம் அவளுடைய விரல்கள் தெரிந்தன.

அந்தக் குழந்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இடம். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கமராவைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டேன். அழுகிறவர்களுக்குக் கமரா மிகவும் வசதியான சாமான்.

முதலாளி வந்ததும் முழுக் கதையையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். “நான் எல்லாருக்கும் பின்னால நீலம் போடுறது அழகுக்குன்னா நெனச்ச?” என்று மட்டும் கேட்டார். “நாம போடலன்னா கண்டியில எவனோ போடுவான்.” அதற்குப் பிறகு பின்னணி நிரப்பாமல் நான் ஒரு ஃபைலைக்கூட லேப்புக்கு அனுப்பியதில்லை. நீர்வீழ்ச்சியை மட்டும் கடைசி வரைக்கும் போடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்துவிட்டது. குவைத் வீட்டுக்காரர்கள் வெளியூருக்குப் போனபோது அக்காவையும் கூட்டிப் போயிருக்கிறார்கள், அங்கே போன் பண்ண வழியில்லை என்று அண்ணன் படி ஏறி வந்து சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்வதற்காகவே வட்டவளையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் மூன்று பேரும் கடைக்கு வந்தார்கள். அண்ணன், பெண், அந்த அக்கா. பெண் அம்மாவின் தோளுக்கு மேலே வளர்ந்திருந்தாள். அக்காவை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. ஒவ்வொரு முடியாக நான் வெட்டிய முகம் அல்லவா. பலகையில் இருந்ததைவிடக் கொஞ்சம் தடித்திருந்தார். அதுதான் அவருடைய உண்மையான அளவு.

“நீங்கதான் அந்தப் பலகைய செஞ்சதா?” என்று கேட்டார். “இன்னமும் வீட்டுல நிக்கிது. மக தூக்கிப்போட விட மாட்டேங்குது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அந்த ஓட்டையில ஒரு சின்னப் புள்ள நின்னுச்சு. நல்ல புள்ள. என்னைய விட்டு எறங்கவே எறங்காது.”

“தெரியுங்கக்கா” என்றேன். கமராவை எடுத்தேன்.

மூவரையும் நிற்கவைத்தேன். அக்கா பழக்கத்தில் ஒரு கையை இடுப்பில் ஊன்றினார். பெண் சிரித்துக்கொண்டே தன் கையை உள்ளே விட்டுக் கோத்துக்கொண்டாள். பின்னால் எங்கள் ஸ்டூடியோவின் சுருங்கிப்போன திரை, அதன் ஓரத்தில் ஒரு பிளக், மூலையில் குடை. நான் வழக்கம்போலக் கேட்டேன்.

“பின்னால என்னக்கா போடட்டும்? நீலம் போடவா, வெள்ளை போடவா?”

“ஒன்னும் மாத்தாதீங்க தங்கச்சி” என்றார் அக்கா. “இந்தத் தடவ என்னைய வெட்டாம எடுங்க. அதான் வந்துட்டேன்ல.”

பிளக்கும் குடையும் இருந்தபடியே அந்தப் படத்தைக் கண்டிக்கு அனுப்பினேன்.